வாடகைக்கு விட்ட அப்பா வீடு: கூடப்பிறந்தவர்களுக்கு வரவு செலவுக் கடிதம் எழுதுவது எப்படி

பெற்றோர் விட்டுப்போன வீட்டை வாடகைக்கு விடும்போது, ஆளுக்கு எத்தனை பங்கு என்பதில் பெரும்பாலும் சண்டை வராது. வாடகையிலிருந்து முதலில் எதைக் கழிப்பது, எதைக் கழிக்கக்கூடாது என்பதில்தான் மனஸ்தாபம் தொடங்கும். அதை ஒரு கடிதத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று பார்க்கலாம்.

உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஓட்டு வீடு. அப்பா உயில் எழுதாமல் போனார். அம்மாவும் பிறகு காலமாகிவிட்டார். அண்ணன் அதே ஊரில் இருக்கிறார், தங்கை பொள்ளாச்சியில், தம்பி பெங்களூரில். மாத வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000. கடிதத்தை எழுதப்போவது தங்கை.

முதலில் காகிதங்கள்

வில்லேஜ் ஆபீசில் நில வரியான கரம் கட்டிய ரசீதையும் பஞ்சாயத்தில் கட்டிட வரி கட்டிய ரசீதையும் எடுத்து, அவை யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால், வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு என்ற பெயர் மாற்றமும், பஞ்சாயத்தில் கட்டிடத்துக்குப் பெயர் மாற்றமும் செய்து மூவர் பெயருக்கும் கொண்டுவர வேண்டும். அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இந்த வேலை முடியும்வரை கடிதத்தைத் தள்ளிப்போட வேண்டாம், பக்கத்திலேயே நடக்கட்டும்.

பங்கு எவ்வளவு என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் அப்பா இறந்தால் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. அம்மா உயிரோடு இருந்தால் இந்த வீட்டில் நாலில் ஒரு பங்கு அம்மாவுடையது, வாடகையிலும் அப்படியே. “அம்மாவுக்கு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று அதை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நியாயம் இல்லை. நம் உதாரணத்தில் அம்மா இல்லை, அதனால் ஆளுக்கு மூன்றில் ஒன்று.

கழிக்கும் வரிசை

கடிதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வரவை முதலில் மூன்றாகப் பிரித்துவிட்டு, செலவு வரும்போது ஆளுக்கு ஆள் போன் போட்டுக் காசு கேட்டால் அது நிலைக்காது. கொடுக்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் தன் கைக்காசு போவதுபோலத் தெரியும். பொதுப்பணத்திலேயே செலவை முடித்துவிட்டு, மிஞ்சுவதைப் பிரிப்பதுதான் நல்லது.

நான் சொல்லும் வரிசை இது: முதலில் வரி. அடுத்து புரோக்கர் கமிஷன் போல வீட்டை வாடகைக்கு விட ஆன செலவு. அப்புறம் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கான தொகை. அதன்பின் ரிப்பேருக்கு என்று மாதாமாதம் ஒதுக்குவது. பழைய பாக்கி இருந்தால் அது. கடைசியில் மிஞ்சுவதுதான் பங்கு.

ஓட்டு வீட்டுக்கு ரிப்பேர் பணம் ஒதுக்காமல் இருக்கவே கூடாது. இடவப்பாதி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் விட வேண்டும், உடைந்த ஓடும் அதைத் தாங்கும் மரப் பட்டியலும் மாற்ற வேண்டும். மே மாதம் அந்தச் செலவு வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், ஒவ்வொரு மே மாதமும் அது திடீர்ச் செலவாகவே வந்து நிற்கும். மாதம் 1,500 ஒதுக்கினால் அந்த நெருக்கடி இருக்காது.

ஊரில் இருக்கிறவருக்கு எவ்வளவு?

அண்ணன்தான் வாடகை வாங்குகிறார், மோட்டார் கெட்டால் ஆளைக் கூட்டிப்போகிறார், பஞ்சாயத்து ஆபீசில் காத்து நிற்கிறார். “நான் காசுக்காகவா செய்கிறேன்?” என்று அவர் மறுப்பார். அவர் மனதார மறுத்தாலும் கடிதத்தில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால், பின்னால் வேறு எதற்கோ பேச்சு முற்றும்போது, “இத்தனை வருஷம் நான்தான் ஓடினேன்” என்று இதுதான் முதலில் வெளியே வரும்.

வந்த வாடகையில் 5 சதவீதம் என்று வைக்கலாம். நிலையான தொகையைவிட சதவீதம் நல்லது: வீடு காலியாக இருக்கும் மாதத்தில் யாருக்கும் எதுவும் கிடையாது, அதனால் அடுத்த ஆளைத் தேடுவதில் எல்லோருக்கும் ஒரே அக்கறை இருக்கும்.

ஒருவர் முன்னமே போட்ட பணம்

தம்பி இரண்டு வருடத்துக்கு முன்னால் தன் பணத்தில் 90,000 செலவழித்து, வீட்டோடு சேர்ந்த குளியலறை கட்டினான். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? இங்கே கணக்கு எளிதில் தப்பிப்போகும், கவனமாகப் படியுங்கள்.

அந்தச் செலவில் தம்பியின் பங்கு 30,000. அதனால் அண்ணனும் தங்கையும் ஆளுக்கு 30,000 கொடுக்க வேண்டும், மொத்தம் 60,000. இருவரும் தங்கள் கையிலிருந்து நேராகக் கொடுத்தால் 60,000 சரி. ஆனால் பொதுப்பணத்திலிருந்து கொடுத்தால் முழு 90,000-ஐயும் கொடுக்க வேண்டும். ஏனென்றால் பொதுப்பணத்தில் மூன்றில் ஒன்று ஏற்கெனவே தம்பியுடையது. பொதுவிலிருந்து 60,000 மட்டும் கொடுத்தால் அதில் 20,000 அவன் காசு. மற்றவர்களிடமிருந்து அவனுக்கு வந்தது 40,000 மட்டுமே. அவனுக்கு 20,000 நஷ்டம். யாரும் ஏமாற்ற நினைக்காமலே இது நடந்துவிடும்.

ஒரே வருடத்தில் 90,000 எடுத்தால் மற்றவர்களுக்குக் கைக்குப் பெரிதாக ஒன்றும் வராது. வருடம் 30,000 வீதம் மூன்று வருடம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

அட்வான்ஸ் வருமானம் இல்லை

60,000 அட்வான்ஸ், குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் திருப்பித் தர வேண்டிய கடன். அதைப் பிரித்து ஆளுக்கு 20,000 எடுத்துக்கொண்டால், காலி செய்யும் மாதத்தில் யாரோ ஒருவரிடம் பணம் இருக்காது. ஊரில் இருக்கும் அண்ணன்தான் குடியிருப்பவர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டிவரும். வங்கியில் தனியாக வையுங்கள். பொருள் சேதம், கட்டாத கரண்ட் பில் ஆகியவற்றைக் கழிப்பதும் அதிலிருந்துதான். வீடு காலியாகும்போது, மின்சார போர்டில் கடைசி பில் கட்டியாகிவிட்டதா என்று பார்த்த பிறகே அட்வான்ஸைக் கொடுங்கள். இணைப்பு உங்கள் குடும்பத்தின் பெயரில்தான் இருக்கிறது. பாக்கி வைத்தால் வீட்டுக்காரரைத்தான் கேட்பார்கள்.

ஒரு வருடக் கணக்கு

ஒரு மாதம் வீடு காலியாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 11 மாத வாடகை 1,32,000. கட்டிட வரி 2,850, கரம் 150, சேர்ந்து 3,000. புரோக்கருக்கு அரை மாத வாடகை 6,000. அண்ணனுக்கு 5 சதவீதம் 6,600. ரிப்பேர் ஒதுக்கீடு 11 மாதத்துக்கு 16,500. இவை போக 99,900. தம்பிக்கு இந்த வருடத் தவணை 30,000 போக 69,900. ஆளுக்கு 23,300.

ரிப்பேர் ஒதுக்கீட்டில் ஓடு மாற்ற 9,000, மோட்டாருக்கு 3,900 ஆனது. மீதி 3,600 அடுத்த வருடத்துக்கு அப்படியே இருக்கும், அதைப் பிரிக்கக்கூடாது.

வருமான வரிக்கு மட்டும் கணக்கு வேறு. பங்கு தெளிவாக இருந்தால் ஒவ்வொருவரும் தன் பங்கு வாடகையைத் தன் கணக்கில் காட்டுவார்கள். கைக்கு வந்த 23,300-ஐக் காட்டக்கூடாது. பங்கு வாடகை 44,000; அதில் கட்டிய கட்டிட வரியின் பங்கு 950 போனால் 43,050. அதில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துவிடும், உண்மையில் எவ்வளவு செலவானாலும் சரி. மிச்சம் 30,135. ரிப்பேர், புரோக்கர் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. தம்பிக்கு வந்த 30,000 அவன் போட்ட பணம் திரும்பியது, வருமானம் அல்ல.

கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கும் தம்பிக்கும்,

இங்கே எல்லோரும் நலம். அங்கே அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கொழிஞ்சாம்பாறை வீட்டு வாடகையைப் பற்றி நாம் போனில் பேசியதை எழுதிவைக்கிறேன். மாற்ற வேண்டியது இருந்தால் சொல்லுங்கள்.

வீட்டில் நம் மூவருக்கும் சம பங்கு. வாடகை முழுவதும் நம் மூவர் பெயரிலும் திறக்கும் ஒரே கணக்கில் வரவேண்டும். அதிலிருந்து வரி, புரோக்கர் செலவு, அண்ணாவுக்கு வந்த வாடகையில் 5 சதவீதம், ரிப்பேருக்கு மாதம் 1,500 எடுத்தபின், தம்பி குளியலறைக்குப் போட்ட 90,000-க்கு வருடம் 30,000 கொடுத்து மூன்று வருடத்தில் முடிப்போம். மீதியைச் சமமாகப் பிரிப்போம்.

அண்ணா, தண்ணீர், கரண்ட், ஒழுகல் என்று அவசரம் வந்தால் 10,000 வரை நீங்களே செய்துவிட்டுச் சொல்லுங்கள். மற்ற எதுவும் 5,000-க்கு மேல் போனால் முன்னாடியே மூவரும் வாட்ஸ்அப்பில் சரி சொல்ல வேண்டும். தம்பி, நீ தூரத்தில் இருக்கிறாய். இரண்டு நாளுக்குள் பதில் போட்டுவிடு.

அட்வான்ஸ் 60,000-ஐ யாரும் தொடவேண்டாம். ஒவ்வொரு ஏப்ரலிலும் ரசீதுகளின் போட்டோவோடு முந்திய வருடக் கணக்கை நான் அனுப்புகிறேன். அண்ணா ஓடுவதற்கு ஈடாக இந்த எழுத்து வேலை என்னுடையதாக இருக்கட்டும்; இதற்கு எனக்கு எதுவும் வேண்டாம்.

சம்மதமானால் கையெழுத்துப் போட்டு ஒரு நகல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி

கையெழுத்துக்கு முன்னால்

மூன்று நகல் எடுத்து ஒவ்வொன்றிலும் மூவரும் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். வாடகை ஒப்பந்தத்திலும் மூவர் பெயரும் இருக்கட்டும். அண்ணன் பெயரில் மட்டும் எழுதினால், குடியிருப்பவர் அவரையே முழு வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொள்வார்.

“என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறேன்”, “மாடி தம்பிக்கு” என்பது போன்ற வரிகளை இந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். வீட்டில் உள்ள பங்கைக் கடிதத்தால் மாற்ற முடியாது. அதற்கு முத்திரைத்தாளில் பத்திரம் எழுதி சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். இந்தக் கடிதம் வாடகைப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கு மட்டும். யாராவது வீட்டை விற்கவோ, பங்கைப் பிரிக்கவோ கேட்டால், அன்றுவரை உள்ள கணக்கை முடித்து ரிப்பேர் மீதியைப் பிரித்துக்கொண்டு, அட்வான்ஸ் யார் பொறுப்பு என்பதை எழுதிய பிறகு அந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.