பூட்டியிருந்த 71 வீடுகள்

ஆய்வுப் படிப்பின் முதல் வருடம், ஒரு வாரத்தைத் தின்ற சிக்கல் இது. ஒரு ஊரில் வீட்டுக்கு ஒருவராக 240 பேரிடம், போன வாரம் எத்தனை முறை பேருந்து ஏறினீர்கள் என்று கேட்டேன். பாதிக்கு மேல் ‘ஏறவே இல்லை’. ஆனால் காலை எட்டு மணிக்கு அந்த ஊர் நிறுத்தத்தில் கால் வைக்க இடமிருக்காது!

கேள்விதான் குழப்பமோ என்று மாற்றி, பத்துப் பேரிடம் மறுபடி கேட்டேன். அதே பதில். ஆண்கள் 52 பேர்தான் என்பதால் அவர்கள் பதிலுக்குக் கூடுதல் எடை கொடுத்தேன், எண் அசையவில்லை. சிக்கிய ஆண்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் குரலையே சத்தமாக்கியிருக்கிறேன்.

அப்புறம்தான் படிவத்தின் மூலையில் இருந்த கதவு எண்ணைக் கவனித்தேன். ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று போக வேண்டியது, நடுநடுவே 16, 31 என்று இருந்தது. பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைத் தட்டியிருக்கிறேன், அப்படி 71. நேரமோ எல்லாமே காலை பத்தரைக்கும் ஒரு மணிக்கும் நடுவே. பேருந்தில் போனவர்கள் வீட்டில்தான் பூட்டு.

பக்கத்து வீட்டுப் படிவங்களைத் தூக்கிப் போட்டேன். பூட்டிய வீடுகளுக்கு மூன்று முறை வரை போனேன், அதில் ஒன்று இரவு ஏழுக்கு மேல், ஒன்று ஞாயிறு. கதவைத் திறந்தவரை விட்டு, பெரியவர்களில் யாருக்கு அடுத்து பிறந்தநாள் வருகிறதோ அவரிடம் கேட்டேன். சரி, மற்ற 169 வீடுகளுக்கும் இதற்காகத் திரும்பப் போக வேண்டியதாயிற்று. கடைசிவரை திறக்காத 18 வீடுகளை அப்படியே பதில் இல்லை என்று எழுதிவிட்டேன்.