பேயை விரட்டியது யார்?

நற்செய்தி நூல்களைக் கிரேக்கத்திலிருந்து நேரே தமிழாக்கிப் பழகும் சிலருக்குச் சனிக்கிழமை மாலைகளில் உதவுகிறேன். போன மாதம் மத்தேயு 9-ஆம் அதிகாரத்தைக் கொடுத்திருந்தேன். வந்த ஏழு நோட்டுகளில் நான்கில் ஒரே தவறு. அதைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. அவர்கள்மேல் அல்ல, பல வருடங்களுக்கு முன் அதையே அச்சடித்து விநியோகித்த என்மேல்.

ஜெனிட்டிவ் அப்சொலூட் என்று இலக்கணப் புத்தகங்கள் சொல்வதைத்தான் பேசப்போகிறேன். ஒரு பெயரும், அதற்கு அடைமொழிபோல நிற்கும் வினைவடிவமான பார்ட்டிசிப்பிளும் சேர்ந்து ஆறாம் வேற்றுமையில் வரும். முதன்மை வாக்கியத்தின் எழுவாயோடு ஒட்டாமல் தனியே நின்று, ‘இது நடந்தபோது’, ‘இது நடந்ததால்’ என்று பின்னணி சொல்லும். ஈறு தெரியாமல் தடுமாறுவது, அகராதியில் தவறான சொல்லை எடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே சரியாகிவிடும்.

‘செய்து’ என்று எழுதி நகர்ந்துவிடுவது

மத்தேயு 9:33 இப்படித் தொடங்குகிறது: ‘காய் எக்ப்ளேதெந்தொஸ் தூ தைமொனியூ எலாலேசென் ஹொ கோஃபொஸ்’. சொல்லுக்குச் சொல் வைத்தால்: ‘காய்’ என்றால் ‘மேலும்’. ‘எக்ப்ளேதெந்தொஸ்’ என்றால் ‘துரத்தப்பட்ட’, ஆறாம் வேற்றுமையில். ‘தூ தைமொனியூ’ என்றால் ‘பேய்’, அதுவும் ஆறாம் வேற்றுமையில். ‘எலாலேசென்’, ‘பேசினார்’. ‘ஹொ கோஃபொஸ்’, பேச முடியாதிருந்தவர், இவர்தான் எழுவாய்.

நான்கு நோட்டுகளில் இருந்தது இது: ‘பேயைத் துரத்தி, பேச முடியாதிருந்தவர் பேசினார்.’

படிக்க எவ்வளவு சரளமாக இருக்கிறது பாருங்கள். அதுதான் ஆபத்து. இந்தத் தமிழ் வாக்கியத்தில் பேயைத் துரத்தியவர் யார்? பேச முடியாதிருந்தவரே. குணமடைய வந்தவரைப் பேயோட்டியாக்கிவிட்டோம்; இயேசு காட்சியிலேயே இல்லை.

தவறு எப்படி நுழைகிறது என்பதும் எனக்குத் தெரியும். நோட்டில் சிவப்பு மையால் சுழித்ததும் ஒரு மாணவி கேட்டார்: “ஐயா, செயப்பாட்டு வினை தமிழுக்கு ஒட்டாது, முடிந்தால் செய்வினையாக்குங்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” சொன்னேன்தான். ‘துரத்தப்பட்ட’ என்பதை அவர் ஒழுங்காகத் ‘துரத்தி’ என்று மாற்றியிருக்கிறார். ஆனால் செய்வினையாக்கினால் செய்தவரையும் கூடவே கொண்டுவர வேண்டும். அதை நான் சொல்லியிருக்கவில்லை.

தொல்காப்பியம் வினையியலில் இதற்கு நேரான விதி இருக்கிறது. வினையெச்ச வாய்பாடுகளைச் செய்து, செய்யூ, செய்பு, செய்தென என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ‘முதனிலை மூன்றும் வினைமுதல் முடிபின’ என்கிறது. அதாவது ‘செய்து’ முதலான மூன்றும், முடிக்கும் வினை யாருடையதோ அவருடைய செயலையே குறிக்கும். மற்ற வாய்பாடுகளுக்கு அந்தக் கட்டு இல்லை, வேறு ஒருவரின் வினையையும் கொண்டு முடியலாம். கிரேக்கத்தில் எழுவாய் மாறுவதை ஆறாம் வேற்றுமை காட்டுகிறது என்றால், தமிழில் அதைக் காட்டுவது எச்சத்தின் வடிவம். ஜெனிட்டிவ் அப்சொலூட்டைச் ‘செய்து’ என்று போட்டால், மூலம் ‘ஆள் மாறுகிறார்’ என்று சொல்லும் இடத்தில் நாம் ‘ஆள் மாறவில்லை’ என்று சொல்கிறோம்.

உடனே ஓர் ஆட்சேபம் வரும்: “மழை பெய்து ஏரி நிரம்பியது என்கிறோமே?” உண்மைதான். இலக்கண உரைகளிலேயே ‘ஞாயிறு பட்டு வந்தான்’ என்ற எடுத்துக்காட்டு உண்டு. அங்கே எச்சத்தின் எழுவாய் வெளிப்படையாக இருக்கிறது. தவிர, ஏரி மழை பெய்வதாகவோ அவன் மேற்கே அஸ்தமிப்பதாகவோ யாரும் நினைக்கமாட்டார்கள். இரண்டு பக்கமும் செயல் செய்யக்கூடிய ஆட்கள் இருக்கும்போது அந்தச் சலுகை கிடைக்காது. கேட்பவர் நேராக முதன்மை எழுவாயிடம் போய்விடுவார்.

என் கதைக்கு வருகிறேன். நான் எழுதிய ஒரு சிறு துண்டுப்பிரசுரத்தில் இதே வரி இருந்தது. ஐந்நூறு பிரதிகள் வந்த பிறகு ஒரு வீட்டுக் கூட்டத்தில் அதை வாசித்தேன். முன்வரிசைப் பாட்டி ஒருவர் கையைத் தூக்கினார். “அப்போ அந்தப் பேசமாட்டாதவர்தானா பேயை ஓட்டினார், தம்பி?” நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். பாட்டி, “நீ சொல்றது சரி, இதுல அப்படி இல்லையே” என்று தாளைத் தட்டினார். அப்புறம் திருத்தம் அச்சிட்ட சீட்டுகளைப் பசை தடவி ஐந்நூறு தாளிலும் ஒட்ட இரண்டு மாலைகள் போயின.

சரி, எப்படி எழுதலாம்? மூன்று வழிகளை நோட்டில் எழுதிப் பார்த்தோம்.

‘பேய் ஓட, அவர் பேசினார்.’ செய என் எச்சம் ஆள் மாற இடம் கொடுக்கும். ஆனால் அதற்கு நோக்கப் பொருளும் உண்டு. பேய் ஓடுவதற்காக அவர் ஏதோ பேசினார் என்றும் கேட்கிறது. வேண்டாம்.

‘பேய் வெளியேறியதும், பேச முடியாதிருந்தவர் பேசினார்.’ இனிய தமிழ். குழப்பமும் இல்லை. ஆனால் அடுத்த வசனத்தைப் பாருங்கள். இவர் பேய்களின் தலைவனைக் கொண்டு பேய்களைத் துரத்துகிறார் என்று பரிசேயர் குற்றம் சாட்டுகிறார்கள். அங்கே வரும் வினையும் இங்கே உள்ள வினையும் ஒன்றே. பேய் தானாக வெளியேறியதாக எழுதினால் அந்தக் குற்றச்சாட்டுக்குப் பிடிமானம் இல்லாமல் போகும்.

‘பேய் துரத்தப்பட்டதும், பேச முடியாதிருந்தவர் பேசினார்.’ செயப்பாட்டு வினைதான். பரவாயில்லை, இங்கே அது தன் வேலையைச் செய்கிறது. செவிக்கு உறுத்தினால் ‘இயேசு பேயைத் துரத்தியதும்’ என்று செய்தவரைச் சேர்க்கலாம். மூலம் பெயரைச் சொல்லவில்லை என்பதால் எனக்குத் ‘துரத்தப்பட்டதும்’ என்பதே பிடிக்கும். வாய்விட்டு வாசிப்பதற்கென்று தயாரித்தால் இயேசுவின் பெயர் உள்ளதை எடுப்பேன்.

இப்போது நான் செய்யும் சோதனை இதுதான்: கிரேக்கத்தை மூடிவிட்டு, தமிழில் உள்ள ஒவ்வொரு எச்சத்தின்மேலும் ‘யார்?’ என்று எழுதி, தமிழை மட்டும் வைத்து விடை எழுதுவேன். பிறகு மூலத்தைத் திறந்து ஒப்பிடுவேன். வரிசையை மாற்றிச் செய்தால் பலன் இல்லை. கிரேக்கம் கண்ணில் இருந்தால் விடை தெரிந்துவிடும், தமிழின் ஓட்டை தெரியாது.

ஆறாம் வேற்றுமை என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

மத்தேயு 28:13-இல் காவலர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் பொய்: ‘ஹொய் மதேதாய் அவ்தூ நுக்தொஸ் எல்தொந்தெஸ் எக்லெப்ஸன் அவ்தொன் ஹேமோன் கொய்மோமெனோன்.’

இந்த ஒரு வரியில் ஆறாம் வேற்றுமை மூன்று விதமாக வருகிறது. ‘அவ்தூ’ உடைமை: ‘அவனுடைய’ சீடர்கள். ‘நுக்தொஸ்’ காலம்: ‘இரவில்’. கடைசி இரண்டு சொற்கள், ‘ஹேமோன் கொய்மோமெனோன்’, இவைதான் ஜெனிட்டிவ் அப்சொலூட்: ‘நாங்கள் தூங்கிக்கொண்டிருக்க’. எப்படி அடையாளம் காண்பது? பெயரோடு அதே வேற்றுமையில் ஒரு பார்ட்டிசிப்பிள் இருக்கிறதா என்று பாருங்கள். ‘அவ்தூ’வுக்கும் ‘நுக்தொஸ்’ஸுக்கும் அப்படித் துணை இல்லை.

நடுவில் நிற்கும் ‘எல்தொந்தெஸ்’ எழுவாய் வேற்றுமையில் சீடர்களோடு ஒட்டியது. வந்தவர்களும் அவர்களே, திருடியவர்களும் அவர்களே. ஆக இங்கே ‘வந்து’ என்ற செய்து எச்சம் கனகச்சிதம். தூக்கத்துக்கு அது ஆகாது. ஒருவர் ‘இரவில் வந்து, தூங்கி, திருடிக்கொண்டு போனார்கள்’ என்று எழுதியிருந்தார். சீடர்கள் கல்லறையில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத் திருடினார்களாம்.

நான் எழுதுவது: ‘அவனுடைய சீடர்கள் இரவில் வந்து, நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கையில் அவனைத் திருடிக்கொண்டு போனார்கள்.’ கிரேக்கத்தில் தூக்கம் வாக்கியத்தின் வாலில் நிற்கிறது. தமிழில் முதன்மை வினைதான் கடைசி, ஆகவே தூக்கத்தை அதற்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ வைத்தேன். தூங்கியவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாயா என்று அகுஸ்தினார் கேலி செய்தது இந்தச் சொற்களை வைத்துத்தான், அவை அமுங்கிவிடக் கூடாது. ‘நாம்’ போடாதீர்கள், காவலர்கள் பிறரிடம் சொல்லும் கதை, கேட்பவர்கள் தூங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் ‘போது’

‘போது’ ஆள் மாற்றத்தைத் தாங்கும், அதனால் பயந்தவர்கள் எல்லா இடத்திலும் அதையே போடுகிறார்கள். தவறு என்று சொல்ல முடியாத தவறு.

மத்தேயு 9:18-இல் ‘அவர் பேசிக்கொண்டிருந்தபோது’ தலைவர் ஒருவர் வருகிறார். நிகழ்கால பார்ட்டிசிப்பிள், பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, ‘போது’ பொருந்துகிறது. மத்தேயு 2:1-இல் வரும் ‘கென்னேதெந்தொஸ்’ அயோரிஸ்ட், பிறப்பு முடிந்துவிட்டது. ‘இயேசு பிறந்தபோது ஞானிகள் வந்தார்கள்’ என்று எழுதினால் அதே இரவு என்று கேட்கிறது. அவர்கள் நுழைவதோ ஒரு வீட்டுக்குள் (2:11). ஏரோது விசாரித்து வைத்த கணக்குப்படி இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கொல்லப்படுகிறார்கள் (2:16). ‘பிறந்த பிறகு’ போதும்.

யோவான் 12:37 இன்னொரு திசை. அவ்வளவு அடையாளங்களை அவர் செய்தார், அவர்களோ நம்பவில்லை. ‘செய்தபோது நம்பவில்லை’ சப்பென்று இருக்கிறது. ‘அவர் இத்தனை அடையாளங்களைச் செய்திருந்தும் அவர்கள் நம்பவில்லை’ என்று எழுதுங்கள். ‘மழை பெய்தும் விளையவில்லை’ என்பதுபோல ‘உம்’ சேர்ந்தால் ஆள் மாறலாம்.

‘எங்களுடைய தூக்கத்தில்’

ஆறாம் வேற்றுமையைப் பார்த்ததும் ‘உடைய’ போடுவது. வேண்டாம்.

‘மாலைப்பொழுது உண்டானபோது’

இவ்வளவு நீட்ட வேண்டாம். ‘மாலையானதும்’ போதும்.

மரியாளிடம் விதியை நீட்டுவது

இவ்வளவும் கேட்ட பிறகு சிலர் ஜெனிட்டிவ் அப்சொலூட் கண்ட இடமெல்லாம் இரண்டு ஆட்களைத் தேடுகிறார்கள். மத்தேயு 1:18-இல் நிச்சயிக்கப்பட்டவரும் மரியாள், கருவுற்றிருக்கக் காணப்பட்டவரும் மரியாள். நற்செய்தி நூல்களின் காலத்துக் கிரேக்கம் இவ்வளவு தளர்வாகவும் எழுதும். இங்கே ‘மரியாள் யோசேப்புக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தபோது, அவர்கள் கூடிவாழும் முன்னே, கருவுற்றிருக்கக் காணப்பட்டார்’ என்று எழுதினால், முதல் எச்சத்தின்மேல் ‘யார்?’ என்றாலும் கடைசி வினையின்மேல் ‘யார்?’ என்றாலும் ஒரே பெயர்தான் வரும். மூலத்திலும் அப்படியே.