வெளிப்பக்கம் உயர்த்திய வளைவில் கார் எவ்வளவு வேகத்தில் போகலாம்? கணக்கிடும் முறை

நெடுஞ்சாலை வளைவுகளில் வெளி ஓரம் உள் ஓரத்தைவிடச் சற்று உயரமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதைப் பாடப்புத்தகம் "வெளிவிளிம்பு உயர்த்தப்பட்ட சாலை" என்கிறது. இப்படிப்பட்ட வளைவுக்குப் பாதுகாப்பான வேகத்தைக் கண்டுபிடிக்க ஆரம், சாய்வு, உராய்வு ஆகிய மூன்று எண்கள் போதும். காரின் எடை தேவைப்படாது. ஏன் என்பது கணக்கிலேயே தெரியும்.

230 மீட்டர் ஆரமும் 7 சதவீதச் சாய்வும் கொண்ட வளைவை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்குத் திட்டமிடும் நெடுஞ்சாலையில் இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கும் குறைந்தபட்ச ஆரம் இதுதான். அந்த 80 எங்கிருந்து வருகிறது என்பதும் போகப்போகத் தெரிந்துவிடும்.

படி 1: ஆரத்தையும் சாய்வையும் அளப்பது

ஆரத்தை அளக்க வட்டத்தின் மையத்தைத் தேடிப் போக வேண்டாம். செயற்கைக்கோள் வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதியைத் திறந்து, வளைவின் ஓரக்கோட்டில் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணையுங்கள். இந்த நாணின் நீளம் c. அதன் நடுப்புள்ளியிலிருந்து வளைவு எவ்வளவு விலகியிருக்கிறது என்பது h.

```
r = c²/(8h) + h/2
```

நம் வளைவில் 100 மீட்டர் நாணுக்கு விலகல் 5.5 மீட்டர். 10000/44 = 227.3, அதோடு 2.75 சேர்த்தால் 230 மீட்டர். நாணைச் சிறிதாக எடுத்தால் பிழை பெருகும். 20 மீட்டர் நாணுக்கு விலகல் வெறும் 22 செ.மீ.தான், அதில் 2 செ.மீ. தவறினாலே ஆரம் ஏறக்குறைய பத்து சதவீதம் மாறிவிடும்.

சாய்வுக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையும் ரசமட்டமும் போதும். வண்டி வராத இடத்தில், பலகையைச் சாலையின் குறுக்கே வைத்துத் தாழ்வான முனையைத் தூக்குங்கள். ரசமட்டத்தின் குமிழ் நடுவுக்கு வந்ததும் அந்த முனைக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், 7 செ.மீ. என்பது 7 சதவீதச் சாய்வு. அதாவது tanθ = 0.07, கோணம் 4 டிகிரி. சாய்வை tanθ ஆகவே வைத்துக்கொண்டால் கால்குலேட்டர் ரேடியனில் இருந்து தவறான விடை தரும் தொல்லையும் இல்லை.

படி 2: விசைப்படம்

காரைப் பின்னாலிருந்து பார்ப்பதாக நினைத்து ஒரு புள்ளி வையுங்கள். எடை mg நேர் கீழே. சாலை தரும் செங்குத்து விசை N, சாலைப் பரப்புக்குச் செங்குத்தாக, சற்றே வளைவின் உள்பக்கம் சாய்ந்து. உராய்வை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பெரும்பாலானோர் இடறும் இடம் இதுதான். சாய்தளக் கணக்குப் பழக்கத்தில் N = mg cosθ என்று எழுதிவிடுவார்கள். சாய்தளத்தில் சறுக்கும் பெட்டிக்கு அது சரி, ஏனென்றால் அதன் முடுக்கம் தளத்தை ஒட்டியே இருக்கிறது. வளைவில் போகும் காரின் முடுக்கமோ வட்ட மையத்தை நோக்கி, கிடைத்தளத்தில் இருக்கிறது. அதனால் அச்சுகளையும் கிடைமட்டமாகவும் நிலைக்குத்தாகவுமே வைக்க வேண்டும்.

```
N cosθ = mg
N sinθ = mv²/r
v² = r g tanθ
```

இரண்டாவதை முதலாவதால் வகுக்கும்போது m அடிபட்டுப் போகிறது. எடை தேவையில்லை என்றது இதனால்தான். நம் வளைவுக்கு 230 × 9.8 × 0.07 = 157.8, வர்க்கமூலம் 12.56 மீ/வி. 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 45 கி.மீ.

N = mg cosθ என்ற பிழையோடு போட்டாலும் இங்கே 45-தான் வரும்! கோணம் சிறியதாக இருப்பதால் பிழை வெளியே தெரியாது. அமெரிக்காவின் டேடோனா பந்தயத் தளத்தில் வளைவு 31 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஆரம் ஏறத்தாழ 305 மீட்டர். அங்கே சரியான விடை மணிக்கு 153 கி.மீ., பிழையான வழியில் 131. சூத்திரத்தைச் சோதிக்க விரும்பினால் பெரிய கோணத்தில் சோதியுங்கள்.

படி 3: உராய்வைச் சேர்ப்பது

45 கி.மீ. என்பது உச்ச வேகம் அல்ல. அந்த வேகத்தில் டயர் பக்கவாட்டில் சாலையைப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை, அவ்வளவுதான். அதைவிட வேகமாகப் போனால் கார் வெளியே நழுவப் பார்க்கும். எனவே உராய்வு சாய்வை ஒட்டிக் கீழ்நோக்கி, உள்பக்கமாக வேலை செய்யும். நழுவும் விளிம்பில் அதன் அளவு μN. இதில் μ என்பது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் குணகம்.

```
N cosθ = mg + μN sinθ
N sinθ + μN cosθ = mv²/r
v² = r g (tanθ + μ)/(1 − μ tanθ)
```

இப்போது முக்கியமான கேள்வி: μ-க்கு என்ன எண் போடுவது? காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயருக்கு 0.7 எனக் கொண்டால் மணிக்கு 154 கி.மீ. வருகிறது. ஈரச்சாலைக்கு 0.4 என்றால் 119. இவை இரண்டும் நழுவும் எல்லை. இவற்றைப் பாதுகாப்பான வேகம் என்று எழுதுவது பெரும் தவறு. டயருக்கு இருக்கும் பிடிப்பு மொத்தமாக ஒன்றுதான். அதிலிருந்துதான் திருப்பத்துக்கும் பிரேக்குக்கும் பங்கு போக வேண்டும். முழுப் பிடிப்பையும் திருப்பமே எடுத்துக்கொண்டால், குறுக்கே மாடு வந்ததும் பிரேக்கைத் தொட்ட கணத்தில் கார் வெளியே வழுக்கிவிடும்.

அதனால் நம் சாலை வடிவமைப்பில் பக்கவாட்டு உராய்வுக்கு 0.15 மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். μ tanθ அப்போது 0.01 அளவுதான் என்பதால் கீழே உள்ள பகுதியை 1 என்றே வைக்கலாம். 9.8 × 3.6² = 127 என்பதால், வேகத்தை நேரடியாக மணிக்குக் கி.மீ. கணக்கிலேயே எழுதலாம்:

```
V² = 127 r (tanθ + 0.15)
```

127 × 230 × 0.22 = 6426. வர்க்கமூலம் 80.2. அந்த 80 இப்படித்தான் வந்தது. இந்தச் சூத்திரத்தில் V-க்கு மீ/வி போட்டுவிடாதீர்கள். மாற்றம் 127-க்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இது நழுவலுக்கான கணக்கு மட்டுமே. உயரமாகச் சரக்கு ஏற்றிய லாரி நழுவுவதற்கு முன்பே கவிழக்கூடும். அதற்கு ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும் சக்கரங்களின் இடைவெளியையும் கொண்டு தனியாகப் பார்க்க வேண்டும்.

படி 4: மெதுவாகப் போனால்?

45 கி.மீ.க்குக் கீழே போகும் கார் உள்பக்கம் சரியப் பார்க்கும். உராய்வின் திசை புரண்டு மேல்நோக்கி ஆகிவிடும். சூத்திரத்தில் μ-இன் குறிகளை மாற்றினால் போதும்.

```
v² = r g (tanθ − μ)/(1 + μ tanθ)
```

நம் வளைவில் 0.07 − 0.15 எதிர்ம எண். வர்க்கமூலம் எடுக்க முடியவில்லையே என்று பதற வேண்டாம். குறைந்தபட்ச வேகம் என்று ஒன்று இல்லை, கார் அங்கே நின்றாலும் சரியாது என்பதே அதன் பொருள். டேடோனாவில் tanθ 0.6; தளம் ஈரமாகி μ 0.4 ஆனால், மணிக்கு 79 கி.மீ.க்குக் கீழே போகும் கார் உள்பக்கம் சரிந்துவிடும்.

பனி உறைந்த சாலையில் μ 0.05 வரை இறங்கலாம். அப்போது 7 சதவீதச் சாய்வில் நிற்கும் காரே மெல்லச் சரியத் தொடங்கும், சாய்வு கூடினால் ஆபத்தும் கூடும். பனி படியாத மலைச்சாலைகளுக்கு 10 சதவீதம் வரை சாய்வை அனுமதிக்கும் நம் விதிமுறை, பனி படியும் மலைச்சாலைகளுக்கு 7 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.