பேட்டரி லேபிளை போட்டோ எடுத்துப் படிக்கும்போது

இன்வெர்ட்டர் பேட்டரி லேபிளை ஃபிளாஷ் போடாமல், கொஞ்சம் சாய்வாக நின்று எடுங்கள். ஃபிளாஷ் வெளிச்சம் சீரியல் எண் மேலேயே பளீரென்று விழும். முழு லேபிள் ஒரு படம், சீரியல் எண் மட்டும் கிட்டத்தில் இன்னொரு படம்.

படத்தில் 12V 150Ah @ C20 என்று இருந்தால், 150 மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். C20 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக, அதாவது 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. வீட்டில் 300 வாட் ஓடினால், இன்வெர்ட்டர் இழப்பும் சேர்ந்து பேட்டரியிலிருந்து சுமார் 30 ஆம்பியர் போகும். அந்த வேகத்தில் புதுப் பேட்டரியே ஏறக்குறைய 120Ah-தான் தரும். ஆக, 4 மணி நேரம். 150-ஐ 30-ஆல் வகுத்து 5 மணி நேரம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே. சோலார் பேட்டரிகளில் பெரும்பாலும் C10 என்று இருக்கும், அதாவது 10 மணி நேரத்தில் எடுத்தால் கிடைக்கும் அளவு. 150Ah C10 பேட்டரியும் 150Ah C20 பேட்டரியும் ஒன்றல்ல, முதலாவதுதான் பெரியது. விலை ஒப்பிடும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

வாரண்டி 36F+24P என்று இருந்தால், முதல் 36 மாதம் இலவச மாற்று. அடுத்த 24 மாதம் புதுப் பேட்டரி விலையில் தள்ளுபடி மட்டுமே. கடைக்காரர் "அஞ்சு வருஷ வாரண்டி" என்பது இந்த இரண்டையும் கூட்டித்தான். பொதுவாக இது பில் தேதியிலிருந்து கணக்காகும்; லேபிளில் இருப்பது பெரும்பாலும் தயாரிப்புத் தேதி.

சீரியல் எண்ணில் O, 0 அல்லது B, 8 குழப்பம் வந்தால் வாரண்டி கார்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.