பழைய i7-7700, 8 ஜிபி ரேம்: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

H110 மதர்போர்டு, i3-6100 பிராசசர், 4 ஜிபி ரேம். ஆபீஸ்களிலிருந்து கழிந்து வந்த இந்த ரகக் கம்ப்யூட்டர்கள் இன்னும் நிறைய வீடுகளில் ஓடுகின்றன. அதில் போட ஓஎல்எக்ஸிலோ ரிச்சி தெருவிலோ பழைய i7-7700 தேடுபவர்களுக்கு இந்தப் பதிவு. விண்டோஸ் 11 போடத்தான் இந்தச் செலவு என்றால் வேண்டாம். மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலில் 7700 கிடையாது.

1. முதலில் உங்கள் போர்டு

பவர்ஷெல்லைத் திறந்து இதை அடியுங்கள்:

```
Get-CimInstance Win32_BaseBoard | Select Manufacturer, Product
```

வரும் மாடலை போர்டு கம்பெனியின் தளத்தில் தேடி, பிராசசர் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். 7700-க்கு எதிரே ஒரு பயாஸ் பதிப்பு எண் இருக்கும். H110 வந்தது ஆறாம் தலைமுறைக்காக. ஏழாம் தலைமுறை 2017 ஜனவரியில்தான் வந்தது. அதனால் பயாஸ் பழையது என்றால் புது பிராசசரைப் போட்டதும் திரையில் ஒன்றுமே வராது. i3 உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள்.

"சாக்கெட் ஒண்ணுதான் சார், தாராளமா வேலை செய்யும்" என்று i7-8700-ஐ நீட்டுவார்கள். சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரவும் செய்யும். ஆனால் H110-இல் பூட் ஆகாது. எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு வேண்டும்.

2. மேலும் கீழும் போட்டோ கேளுங்கள்

மூடியில் மாடல் பெயரோடு SR338 என்ற குறியீடு இருக்க வேண்டும். i7-7700-க்கு இன்டெல் கொடுத்த குறியீடு அது. SR-க்குப் பதில் Q-வில் தொடங்கும் குறியீடும் INTEL CONFIDENTIAL என்ற எழுத்தும் இருந்தால், அது சோதனைக்காகக் கொடுத்த மாதிரி. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மூடியைத் தேய்த்துவிட்டு வேறு பெயர் பொறிக்கும் ஆட்களும் உண்டு. அதனால் மேல்பக்க போட்டோவை மட்டும் நம்ப முடியாது. கீழ்ப்பக்கத்தில் தங்க நிறப் புள்ளிகள் மேல் லேசான கீறல் இருப்பது சகஜம். கருகிய புள்ளியோ, நடுவில் உள்ள குட்டிக் குட்டி பாகங்களில் ஒன்று பெயர்ந்த தடமோ தெரிந்தால் வாங்காதீர்கள்.

3. ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்

விற்பவர் விண்டோஸில் கம்ப்யூட்டரின் விவரப் பக்கத்தைத் திறந்து "i7 பாருங்க" என்பார். அந்தப் பெயர் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் வெறும் எழுத்து. மாற்றி எழுதிவிட முடியும். நீங்கள் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி, பயாஸ் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். பிறகு உங்கள் பென்டிரைவில் கொண்டுபோன CPU-Z-ஐத் திறங்கள். Cores 4, Threads 8 என்று காட்ட வேண்டும். 4, 4 என்று வந்தால், பெரும்பாலும் அது வேஷம் போட்ட i5. (ஹைப்பர் த்ரெடிங்கை பயாஸில் அணைத்து வைத்திருந்தாலும் அப்படி வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.)

4. ரேம் லேபிளில் ஒரு எழுத்து

சந்தையில் சந்தேகப்படும் அளவுக்கு மலிவாகக் கிடைக்கும் ரேம் பல நேரம் சர்வர் ரேம். நல்ல சரக்குதான், ஆனால் உங்கள் போர்டில் ஓடாது. லேபிளில் PC4-2400T-UA2 என்பதுபோல் ஒரு வரி இருக்கும். இரண்டாவது கோட்டுக்குப் பின் U இருந்தால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். R இருந்தால் சர்வர் ரேம். சில H110 போர்டுகள் டிடிஆர்3 மட்டுமே ஏற்கும், உங்களுடையது எது என்பதையும் முன்பே பார்த்து வையுங்கள். ஸ்டிக்கர் மாற்றி ஒட்டியிருக்கிறார்களா என்பது CPU-Z-இன் SPD பக்கத்தில் தெரியும்: அளவும் பார்ட் நம்பரும் லேபிளோடு ஒத்துப்போக வேண்டும்.

5. வீட்டுக்கு வந்ததும்

திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்று முன்பே பேசி, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கியிருந்தால் இந்தச் சோதனைக்குப் பயன் இருக்கும். MemTest86-ஐ பென்டிரைவிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும், ரேமைக் கழற்றி முனையைத் துடைத்து மறுபடி ஓட்டுங்கள். திரும்பவும் வந்தால் அந்த ரேம் போகட்டும்.

ஒரு ஸ்லாட்டில் மட்டும் ரேம் தெரியவில்லை என்றால் உடனே ரேமைக் குறை சொல்ல வேண்டாம். அதையே மற்ற ஸ்லாட்டில் போடுங்கள். அங்கே தெரிந்தால் ரேமில் பழுதில்லை. ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருப்பதால், அதன் அடியில் அழுக்கோ அடிபட்ட புள்ளியோ இருந்தால் ஒரு ஸ்லாட் செத்ததுபோல் நடிக்கும். பிராசசரை எடுத்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். சாக்கெட்டை மட்டும் துணியால் தொடாதீர்கள். டார்ச் அடித்து, வரிசை விலகிய ஊசி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய i3-யைப் போட்டதும் இரண்டு ஸ்லாட்டும் வேலை செய்கிறதென்றால் கோளாறு 7700-இல்தான். அதை வீடியோ எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள்.