காய்ச்சல் மாத்திரையும் மூலிகை கேப்சூலும்: கல்லீரலைக் கெடுக்கும் தவறுகள்

பாராசிட்டமால் அளவு மீறிவிட்டது என்று கேள்விப்பட்டால், யாரோ மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிவிட்டதாகத்தான் நாம் நினைப்போம். அப்படியும் நடக்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் ஒன்றிரண்டு மாத்திரைக்கு மேல் போடாமல், நான்கைந்து நாள் காய்ச்சலுக்குள் கல்லீரல் கெட்டுப்போய் மருத்துவமனைக்கு வருகிறவர்களும் உண்டு. அதிகமாகச் சாப்பிட்டோம் என்பது அவர்களுக்கே தெரியாது. அதனால் மருத்துவரிடம் சொல்வதும் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 46 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல், உடம்புவலி, சளி. 650 மி.கி. பாராசிட்டமாலை நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று போடுகிறார். ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை, 3,900 மி.கி. பெரியவர்களுக்கு 4 கிராம் வரை போகலாம் என்று எங்கோ படித்திருக்கிறார், அதனால் கவலை இல்லை. மூக்கடைப்புக்கு ஒரு சளி மாத்திரை, மூன்று வேளை. அதன் ஒவ்வொன்றிலும் 500 மி.கி. பாராசிட்டமால் இருக்கிறது. ஆக இன்னொரு 1,500. இடுப்புவலிக்கு முன்பு எழுதிக் கொடுத்த வலி மாத்திரை வீட்டில் மீதி இருந்தது, அதில் காலை ஒன்று, இரவு ஒன்று. அதற்குள்ளும் 325 மி.கி. இருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்து 650. கூட்டினால் ஒரு நாளைக்கு 6,050 மி.கி. அவருடைய எடைக்குப் பிரித்தால் கிலோவுக்குச் சுமார் 131 மி.கி. இதை நான்கு நாள் செய்திருக்கிறார். இத்தனை நாளும் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

இதில் முதல் தவறு, மாத்திரையை அட்டையில் பெரிதாக அச்சடித்த பெயரை வைத்து எண்ணியது. எண்ண வேண்டியது உள்ளே இருக்கும் மருந்தை. சளி மாத்திரை, தலைவலி மாத்திரை, வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் பொடி, மாதவிடாய் வலி மாத்திரை, மூட்டுவலிக்கான கூட்டு மாத்திரை எனப் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். சில நாடுகளில் அதே மருந்துக்கு அசெட்டமினோஃபென் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கொடுத்த மாத்திரையைக் கூடுதலாகப் போட்டு ஏமாறுவது இப்படித்தான். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் வரியைப் படித்துவிட்டு, ஒரு நேரத்தில் பாராசிட்டமால் உள்ள ஒரே ஒரு மருந்தை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது தவறு அந்த 4 கிராம். அது நல்ல உடல்நிலையில், போதுமான எடையோடு இருக்கும் பெரியவருக்கான உச்சவரம்பு. தினமும் எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு இல்லை. 50 கிலோவுக்குக் குறைந்தவர் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 60 மி.கி. என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நம் கணக்கில் வரும் பெண்ணுக்கு அது 2,760 மி.கி. அதாவது 650 மி.கி. மாத்திரையில் நாளைக்கு நான்குதான், ஐந்தாவது கூடாது. அவர் எடுத்ததோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

சாப்பிடாமல் இருந்தது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் வம்பில்லாமல் மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் நச்சுப்பொருளாக மாறும். அதைக் குளூட்டாதயோன் என்ற பொருள் உடனே பிடித்து முடக்கிவிடும். பட்டினி கிடப்பவருக்கும் உடல் மெலிந்தவருக்கும் இந்தக் குளூட்டாதயோன் இருப்பு குறைவு. தினமும் மது குடிப்பவருக்கு இருப்பும் குறைவு, நச்சு உருவாகும் வேகமும் அதிகம். இருப்பு தீர்ந்ததும் நச்சு நேரடியாகக் கல்லீரல் செல்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கொல்ல ஆரம்பிக்கும். அதனால்தான் சாப்பாடே இறங்காத காய்ச்சல்காரருக்கும் தொடர்ந்து குடிப்பவருக்கும் நாளைக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

நான்காம் நாள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் குறைந்துவிட்டது, ஆனால் குமட்டல், வாந்தி. ‘காய்ச்சல் உள்ளே இருக்கிறது’ என்று வீட்டில் சொல்ல, இன்னும் ஒரு நாள் மாத்திரை தொடர்கிறது. இருப்பதிலேயே மோசமான தவறு இதுதான். காய்ச்சல் விட்ட பிறகு புதிதாக வரும் குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, சிறுநீர் கறுத்துப் போவது ஆகியவை கல்லீரலிலிருந்து வரும் செய்தியாக இருக்கலாம். கண்ணில் மஞ்சள் வரும்வரை காத்திருக்கக் கூடாது, அது தாமதமாகத்தான் வரும்.

## மருத்துவமனையில்

வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளையும், காலி அட்டைகளையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எப்போது எத்தனை போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி, ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர்., சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பாராசிட்டமால் பாதிப்பில் ஏ.எல்.டி. ஆயிரக்கணக்கில் ஏறும். வெறும் வைரஸ் காய்ச்சலிலும் அது ஏறலாம், ஆனால் பல ஆயிரத்தைத் தாண்டினால் சந்தேகம் இந்தப் பக்கம் திரும்பும். ரிப்போர்ட்டில் எல்லாரும் ஏ.எல்.டி.யைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது ஐ.என்.ஆரை. ஏ.எல்.டி. இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஐ.என்.ஆர். ஏறினால் அது தேறுவதற்கான அடையாளம் இல்லை, கல்லீரலில் மிச்சம் குறைந்துகொண்டே போகிறது என்று பொருள்.

ரத்தத்தில் பாராசிட்டமால் அளவையும் சோதிப்பார்கள். ஒரே நேரத்தில் விழுங்கியவருக்கு, நான்கு மணி நேரத்துக்குப் பிறகு எடுக்கும் அளவை ஒரு வரைபடத்தில் வைத்துப் பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்யலாம். நாள் கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டவருக்கு அந்த வரைபடம் பொருந்தாது. அவருடைய ரத்தத்தில் மருந்தே இல்லை என்று வந்தால்கூட கல்லீரல் கெட்டிருக்கலாம். ‘அளவு நார்மல்தான், வீட்டுக்குப் போகலாம்’ என்று யாராவது சொன்னால், பல நாளாகப் போட்டதைத் தயங்காமல் திரும்பச் சொல்லுங்கள்.

இந்த நச்சுக்கு முறிவு மருந்து என்-அசெட்டில்சிஸ்டீன். தீர்ந்துபோன குளூட்டாதயோனை உடல் மறுபடி உண்டாக்க அது உதவும். ஒரே தடவையில் அதிகம் விழுங்கியிருந்தால், எட்டு மணி நேரத்துக்குள் இது தொடங்கினால் கல்லீரல் பெரும்பாலும் தப்பித்துவிடும். தாமதமானாலும் பயன் உண்டு, ஆனால் குறையும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் நாள் முழுக்க ஒன்றும் தெரியாது, லேசான குமட்டல் இருக்கலாம், அவ்வளவுதான். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய இரண்டு நாள்கூட ஆகும், உச்சத்துக்குப் போவது மூன்று நான்கு நாளில். ஆகவே ‘நல்லாத்தானே இருக்கிறார்’ என்று காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்கவும் முயலாமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும். வேண்டுமென்றே விழுங்கியவரானால் ஏன் செய்தாய் என்ற கேள்வியெல்லாம் பிறகு, பரிவாகக் கேட்டுக்கொள்ளலாம். இப்போது தனியாக விடாமல் உடன் இருந்தால் போதும்.

குழந்தைகளுக்கு நடப்பது வேறு மாதிரி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மி.கி. இருக்கும். பெரிய குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மில்லிக்கு 120 மி.கி. அல்லது 250 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி.: சொட்டு மருந்தானால் ஒன்றரை மில்லி, 250 சிரப்பானால் 3 மில்லி. சிரப் பழக்கத்தில் சொட்டு மருந்தை 5 மில்லி கொடுத்தால் 500 மி.கி. போய்விடும், மூன்று மடங்குக்கும் மேல். பாட்டி ஒரு தடவை, அம்மா ஒரு தடவை என்று கொடுப்பதும் நடக்கும். கொடுத்த நேரத்தைப் பாட்டிலிலேயே எழுதி ஒட்டிவிடுவது உதவும்.

## மூலிகையில் கணக்கு வேறு

பாராசிட்டமாலில் அளவைக் கூட்டிப் பார்த்தே ஆபத்தை முன்கூட்டிச் சொல்லிவிடலாம். மூலிகையில் பெரும்பாலும் அது நடக்காது. நூறு பேர் ஒரே கேப்சூலைச் சாப்பிட்டு யாருக்கும் ஒன்றும் ஆகாமல், அடுத்த ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி வரலாம். பல வாரமோ மாதமோ கழித்தும் வரும். அதனால்தான் ‘ரெண்டு மாசமா சாப்பிடறேன், ஒன்றும் ஆகலையே’ என்பது ஒரு சான்றே இல்லை. கல்லீரல் கெட்ட பலருக்கும் அந்த இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் கெட்டது.

எடை குறைக்கப் பயன்படும் பச்சைத் தேயிலைச் சாறு, மிளகுச் சத்து சேர்த்த செறிவூட்டிய மஞ்சள் கேப்சூல், அஸ்வகந்தா, சீந்தில், காவா என்ற பசிபிக் தீவு மூலிகை, இவற்றோடு தொடர்புடைய கல்லீரல் பாதிப்புகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சமையலில் போடும் மஞ்சளையும் காலையில் குடிக்கும் தேநீரையும் இதோடு சேர்க்க வேண்டாம். மஞ்சளில் சாதாரணமாக உடலுக்குள் கொஞ்சமே சேரும் ஒரு பொருளை, பல மடங்கு சேரும்படி செய்து விற்பதுதான் அந்தக் கேப்சூல். பெயரில்லாத பொடிகளில் வேறு ஆபத்தும் இருக்கிறது, சிலவற்றில் ஈயம், பாதரசம், ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன.

மருத்துவர் ‘வேறு மருந்து ஏதாவது?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லிவிடுவோம், ஏனென்றால் மூலிகையை மருந்தென்றே நினைப்பதில்லை. கடந்த ஆறு மாதத்தில் சாப்பிட்ட பொடி, லேகியம், கஷாயம், புரதப் பொடி, எல்லாவற்றையும் சொல்லுங்கள், டப்பாவோடு. மூலிகைப் பாதிப்புக்கு முறிவு மருந்து கிடையாது, உடனே நிறுத்துவதுதான் முக்கியச் சிகிச்சை. நிறுத்தியதும் பெரும்பாலோர் தானாகவே தேறுவார்கள். காமாலைக்கென்று இன்னொரு இலைச்சாற்றை அப்போது ஆரம்பித்தால், எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அந்தச் சாறே குணப்படுத்தியதாகப் பெயரும் வாங்கிவிடும். ஏ.எல்.டி. இயல்பான உச்ச அளவைப்போல மும்மடங்குக்கு மேல் ஏறி மஞ்சள் காமாலையும் சேர்ந்திருந்தால் அலட்சியம் வேண்டாம். மருந்தால் வந்த பாதிப்பு இந்த நிலையை எட்டினால் பத்தில் ஒருவர் அளவுக்கு உயிரிழப்போ கல்லீரல் மாற்றோ ஆகலாம். குணமான பின் அதே மூலிகையைத் திரும்ப எடுத்தால் இரண்டாவது தாக்குதல் வேகமாகவும் கடுமையாகவும் வருவது வழக்கம்.

இதையெல்லாம் படித்துப் பயந்து பாராசிட்டமாலையே ஒதுக்கிவிட்டு, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றுக்குத் தாவுவதும் தவறுதான். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிப்போனவர்களுக்கு அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், உள் ரத்தக்கசிவை உண்டாக்கும். அவர்களுக்கும் மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது பாராசிட்டமாலைத்தான், நாளைக்கு 2 கிராமுக்குள்.