பட்ஜெட் 60 லட்சம், திட்டம் நாலு: லாபக் குறியீடு எங்கே தவறான வழி காட்டும்?

நல்ல திட்டங்கள் நிறைய இருந்து பணம் மட்டும் குறைவாக இருந்தால், எதை எடுப்பது, எதை விடுவது? மூலதனப் பங்கீடு என்று வணிகவியலில் சொல்வது இந்தக் கேள்வியைத்தான். வகுப்பில் சொல்லித்தரும் விடை எளிமையானது. ஒவ்வொரு திட்டமும் இனி தரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அதைப் போடும் முதலால் வகுக்க வேண்டும். வருவது லாபக் குறியீடு. அதைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, பட்ஜெட் தீரும் வரை மேலிருந்து எடுத்துக்கொண்டே போக வேண்டும்.

இது தப்பான முறை இல்லை. ஆனால் இது சரியாக வேலை செய்யச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றைக் கவனிக்காமல் அடுக்கினால், கணக்கு சுத்தமாக இருந்தும் முடிவு கோணலாகிவிடும். ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்தால் அது புரியும்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு அரிசி ஆலை என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளரின் சொந்தப் பணமும் வங்கி தரச் சம்மதித்ததும் சேர்த்து இந்த ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய். முதலுக்கு அவர் எதிர்பார்க்கும் வருமான விகிதம் 12 சதவீதம். முன்னால் நாலு திட்டங்கள் இருக்கின்றன: மூட்டை பிடிக்கும் பேக்கிங் மெஷின், கறுப்பு அரிசியைப் பிரித்துத் தள்ளும் சார்டெக்ஸ், நெல் டிரையர், கூரையில் 60 கிலோவாட் சோலார். வரவின் இன்றைய மதிப்பில் முதலைக் கழித்தால் வருவது நிகர மதிப்பு. வரி போக மிஞ்சும் பணத்தை வைத்து, லட்ச ரூபாயில் கணக்கு இப்படி:

| திட்டம் | முதல் | வரவின் இன்றைய மதிப்பு | நிகர மதிப்பு | குறியீடு |
|---|---|---|---|---|
| பேக்கிங் | 10 | 15.0 | 5.0 | 1.50 |
| சார்டெக்ஸ் | 24 | 33.6 | 9.6 | 1.40 |
| டிரையர் | 36 | 48.6 | 12.6 | 1.35 |
| சோலார் | 30 | 37.5 | 7.5 | 1.25 |

டிரையருக்கு அந்த 48.6 எப்படி வந்தது? ஆண்டுக்கு 8.6 லட்சம் வீதம் 10 ஆண்டுக்கு வருகிறது. 12 சதவீதத்தில், 10 ஆண்டுக்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய் வீதம் வந்தால் அதன் இன்றைய மதிப்பு, அதாவது காரணி, 5.65. இரண்டையும் பெருக்கினால் 48.6. அதை 36-ஆல் வகுத்தால் 1.35. எக்செல்லில் போடுபவர்கள், முதலை B2-விலும் பத்து ஆண்டு வரவை C2 முதல் L2 வரையும் வைத்தால்:

```
=NPV(12%,C2:L2)/B2
```

முதலை மைனஸ் போட்டு அந்த NPV அடைப்புக்குள்ளேயே சேர்ப்பவர்கள் உண்டு. அடைப்பில் விகிதத்துக்கு அடுத்து வரும் முதலாவது தொகையை எக்செல் ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்றைக்குக் கொடுக்கும் முதலையும் அது தள்ளுபடி செய்துவிடும். அதனால் முதல் எப்போதும் வெளியே நிற்க வேண்டும்.

இப்போது அடுக்கின்படி போவோம். பேக்கிங் 10, சார்டெக்ஸ் 24, ஆக 34 லட்சம் போயிற்று. மீதி 26. டிரையருக்கு 36 வேண்டும், சோலாருக்கு 30 வேண்டும், இரண்டும் அடங்காது. ஆக நிகர மதிப்பு 14.6 லட்சத்தோடு முடிந்தது. 26 லட்சம் சும்மா கிடக்கிறது.

முதல் தவறு இங்கேதான். குறியீடு சொல்வது, ஒரு ரூபாய் போட்டால் என்ன கிடைக்கும் என்பதை. ஆலைக்கு வேண்டியதோ மொத்த 60 லட்சமும் சேர்ந்து எவ்வளவு கொண்டுவரும் என்பது. அரை டிரையர், முக்கால் டிரையர் என்று வாங்க முடிந்தால் இரண்டுக்கும் விடை ஒன்றாகவே இருக்கும். முழு மெஷினாகத்தான் வாங்க வேண்டும் என்றால் இரண்டும் பிரிந்துவிடும். சார்டெக்ஸையும் டிரையரையும் எடுத்துப் பாருங்கள்: 24-ம் 36-ம் சரியாக 60. நிகர மதிப்பு 22.2 லட்சம். பட்டியலில் முதலிடத்தில் இருந்த பேக்கிங் மெஷினைக் கைவிட்டதால் 7.6 லட்சம் கூடுகிறது. மிச்சப் பணத்தை டெபாசிட்டில் போட்டு வட்டி வாங்கலாமே என்று கேட்கலாம். அந்த வட்டி 12 சதவீதத்தை எட்டாதபோது நிகர மதிப்பில் அது ஒன்றும் கூட்டாது.

நாலு திட்டம் என்றால் மொத்தம் 16 சேர்க்கைதான். ஒரு தாளில் எழுதியே பார்த்துவிடலாம். பத்துத் திட்டம் ஆனால் 1024 சேர்க்கை ஆகிவிடும். அப்போது எக்செல்லின் Solver-இல் ஒவ்வொரு திட்டத்துக்கும் 0 அல்லது 1 என்று வைத்து, மொத்த முதல் பட்ஜெட்டைத் தாண்டாமல் மொத்த நிகர மதிப்பை அதிகபட்சமாக்கச் சொன்னால் போதும். அடுக்கை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். பட்ஜெட்டில் பெரிய தொகை மிஞ்சினால், சேர்க்கையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

சரி, 22.2 லட்சம் என்று முடிவு செய்துவிடலாமா? இன்னும் இல்லை. எனக்கு இரண்டாவது தவறுதான் முதலாவதைவிட ஆபத்தானதாகப் படுகிறது. முதலாவது, கணக்குத் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இது தெரியாது, ஏனென்றால் தப்பு தாளுக்குள் வரும் எண்ணிலேயே இருக்கிறது.

டிரையருக்கு 36 லட்சம் என்றோம். அது சப்ளையரின் கொட்டேஷன். ஆலைக்காரர் டிரையர் வாங்குவது எதற்கு? பெரியாறு பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம். அறுவடை மெஷின் இறங்கினால் ஈர நெல் ஒரே சமயத்தில் வந்து குவியும். மழை நாளில் களத்தில் காயப்போட முடியாது. டிரையர் இருந்தால் அந்த ஈர நெல்லைத் தைரியமாக வாங்கி, ஈரத்தை 14 சதவீதம் அளவுக்கு இறக்கி, இருப்பு வைத்து அரைக்கலாம். ஆண்டுக்கு 8.6 லட்சம் வருவதே அந்தக் கூடுதல் நெல்லால்தான். அப்படியென்றால் அந்த நெல்லை வாங்கும் பணம்? அது 8 லட்சம் என்று வைத்துக்கொண்டால், டிரையர் ஓடும் காலம் முழுக்க அது நெல் மூட்டையாகக் குடோனில் முடங்கிக் கிடக்கும். அதுவும் இதே 60 லட்சத்திலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே டிரையரின் உண்மையான முதல் 44 லட்சம். இருப்பு நெல்லை விற்று அந்த 8 லட்சம் திரும்பி வருவது பத்தாம் ஆண்டின் கடைசியில். இன்றைய மதிப்பில் அது 2.6 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வரவு 51.2 ஆகிறது, முதல் 44, குறியீடு 1.35-லிருந்து 1.16-க்கு இறங்கிவிடுகிறது. நிகர மதிப்பும் 12.6-லிருந்து 7.2-க்கு வந்துவிட்டது. சார்டெக்ஸோடு சேர்த்தால் 68 லட்சம், பட்ஜெட்டையே தாண்டுகிறது. கடைசியில் நின்ற சோலார் இப்போது டிரையருக்கு முன்னால் வந்து நிற்கிறது.

வகுக்கும் எண்ணில் இப்படி விட்டுப்போகிறவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: நடைமுறை மூலதனம், அஸ்திவாரமும் ஷெட்டும், மின் இணைப்பு மாற்றும் செலவு, கொட்டேஷனில் சேர்க்காத ஜி.எஸ்.டி. மானியமும் அப்படித்தான். மெஷின் ஓடத் தொடங்கிய பிறகே மானியப் பணம் கைக்கு வருமென்றால், அதை முதலிலிருந்து கழிக்கக் கூடாது. இன்றைக்குப் போகும் முழுத் தொகையும் கீழே நிற்க வேண்டும், மானியம் வரும் ஆண்டின் வரவாக மேலே சேர வேண்டும். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்தத் திட்டம் அந்த 60 லட்சத்திலிருந்து மொத்தம் எவ்வளவை எடுத்துக்கொள்ளும்?

புதிய எண்களோடு மறுபடி சேர்த்துப் பார்ப்போம். பேக்கிங், சார்டெக்ஸ், சோலார் மூன்றுக்கும் 64 லட்சம் ஆகிறது, 4 லட்சம் இடிக்கிறது. முழுத் திட்டங்களாக மட்டும் பார்த்தால், சார்டெக்ஸும் சோலாரும் சேர்ந்து 54 லட்சத்தில் 17.1 தருகிறது, அதுதான் மேல். ஆனால் எல்லாத் திட்டமும் முழுசாகத்தான் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? டிரையரைப் பிரிக்க முடியாது, சோலாரைப் பிரிக்கலாம். 60 கிலோவாட்டுக்குப் பதில் 52 கிலோவாட் போட்டால் ஏறக்குறைய 26 லட்சம். பேக்கிங் 10, சார்டெக்ஸ் 24, சோலார் 26: சரியாக 60. நிகர மதிப்பு 21.1 லட்சம். திட்டம் பிரியுமா பிரியாதா என்பதை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இங்கே அந்தக் கேள்வியின் விலை 4 லட்சம்.

மூன்றாவது தவறு, ஒன்றை எடுத்தால் மற்றது தேவைப்படாத திட்டங்களைக் குறியீட்டால் ஒப்பிடுவது. சப்ளையர் சிறிய சார்டெக்ஸ் ஒன்றையும் காட்டுகிறார்: விலை 14 லட்சம், நிகர மதிப்பு 6.3, குறியீடு 1.45. பெரியதற்கு 1.40 மட்டுமே. சிறியதே மேல் என்று தோன்றும். குறியீடு பல சமயம் சிறிய திட்டத்தின் பக்கம் கொஞ்சம் சாயும், ஆகவே இங்கே வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். பெரியதற்குக் கூடுதலாகப் போடும் 10 லட்சம், 3.3 லட்சம் கூடுதல் நிகர மதிப்பைத் தருகிறது. அந்தப் பத்து லட்சத்தின் குறியீடு மட்டும் 1.33. அதே பணம் வேறு எங்கே போயிருக்கும்? சோலாருக்கு, 1.25-க்கு. அதனால் பெரிய சார்டெக்ஸே சரி. சிறியதை எடுத்து, பேக்கிங்கும் முழு 60 கிலோவாட் சோலாரும் போட்டால் 54 லட்சத்தில் 18.8-தான் வரும், கூரையில் அதற்கு மேல் இடமும் இல்லை. அந்தப் பத்து லட்சத்தில் சோலார் ஏற்பது 4 லட்சம்தான், அது தருவது 1 லட்சம். ஆகவே அந்த வித்தியாசத்தின் குறியீடு 1.10-க்குக் கீழே வந்திருந்தால் சிறியதை எடுத்திருக்கலாம்.

இந்த 1.25-க்கு இன்னொரு பயனும் உண்டு. பட்ஜெட்டின் கடைசி ரூபாய் சோலாருக்குப் போகிறது. ஆகவே கூடுதலாக ஒரு ரூபாய் கிடைத்தால் இன்றைய மதிப்பில் 25 காசு நிகரமாகக் கூடும். வங்கியிடம் இன்னும் 4 லட்சம் கேட்டு, சோலாரை 60 கிலோவாட் ஆக்கினால் கிடைப்பது 1 லட்சம். அந்தக் கடனுக்காகக் கூடுதல் பிணையும் செயலாக்கக் கட்டணமும் கேட்டால், கொடுக்கலாமா என்பதை இந்த 1 லட்சத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்யலாம்.

கடைசியாக, இவ்வளவும் ஓராண்டுப் பட்ஜெட்டுக்கு மட்டும் பொருந்தும். டிரையர் சப்ளையர் பாதிப் பணம் இப்போது, பாதி அடுத்த ஆண்டு என்று சொன்னால், இரண்டு ஆண்டுப் பட்ஜெட்டையும் அது தொடுகிறது. இதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லோரியும் லியோனார்ட் சாவேஜும் 1955-லேயே எடுத்து எழுதியிருக்கிறார்கள். இரண்டு வரம்புக்கு ஒரே குறியீடு போதாது. எதைக் கீழே வைத்து வகுப்பது, இந்த ஆண்டுப் பணமா, அடுத்த ஆண்டுப் பணமா? அந்த இடத்தில் அடுக்கை விட்டுவிட்டு, Solver-இல் ஆண்டுக்கு ஒரு வரம்பாக இரண்டு நிபந்தனை போட்டுவிடுங்கள். டிரையரை ஓராண்டு தள்ளினால் என்ன என்பதையும் அதிலேயே தனித் திட்டமாகச் சேர்க்கலாம். தள்ளிப்போட்டால் அதன் நிகர மதிப்பு 7.2-லிருந்து சுமார் 6.4-க்கு இறங்கும், அவ்வளவுதான். அடுத்த ஆண்டுப் பட்ஜெட்டில் 44 லட்சத்துக்கு இடமிருந்தால், இந்த ஆண்டு அதை விட்டது பெரிய இழப்பு இல்லை.